மின்தடையின் முதல் நான்கு நிமிடங்கள்: வீட்டு அலுவலகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சாரம் நின்றது. இன்வெர்ட்டர் உடனே கைகொடுத்தது. மேசை விளக்கு ஒருமுறை மினுக்கியதோடு சரி, மடிக்கணினிக்கு எதுவும் தெரியவே இல்லை. ஆனால் திரையில் இருந்தவரின் முகம் பேச்சின் நடுவே அப்படியே உறைந்து நின்றது. திரும்பிப் பார்த்தால், ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்து ஒவ்வொன்றாக எரிந்துகொண்டிருந்தன. தொடர்பு மீள ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் ஆயின. நான் விளக்க வேண்டியதை அதற்குள் வேறொருவர் அரைகுறையாக விளக்கி முடித்திருந்தார்.

மாற்று மின்சாரம் இருந்தும் இப்படி நடந்தது ஏன் என்று அன்று மாலையே தேடத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் இருந்த பெரும்பாலான குறைகள் அந்த ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்து போனதில்தான் வெளியே வந்தன.

மாறும் கணத்தைக் கணக்கில் எடுக்காதது

இன்வெர்ட்டர் வாங்கும்போது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்கிறோம். மின்தடை வந்ததும் எத்தனை மில்லி வினாடியில் மாறும் என்று கேட்பதில்லை. வழக்கமான இன்வெர்ட்டரில் மின்தடையை உணரவும் பேட்டரிக்கு மாறவும் சிறு இடைவெளி தேவைப்படுகிறது. மடிக்கணினிக்குச் சொந்த பேட்டரி உண்டு, ஆகவே அது பாதிக்கப்படாது. ரவுட்டரின் அடாப்டருக்குள் இருப்பதோ சிறிய மின்தேக்கி. அது தாக்குப்பிடிப்பதைவிட இடைவெளி சற்று நீண்டாலும் ரவுட்டர் அணைந்து மீண்டும் தொடங்கும்.

அதன் பிறகுதான் நேரம் கரைகிறது. ஃபைபர் மோடம் தன் வரிசைக்காகக் காத்திருந்து நிலையத்தோடு பதிவாக வேண்டும். ரவுட்டர் முகவரி பெற வேண்டும். வைஃபை எழ வேண்டும், மடிக்கணினி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். 30 மில்லி வினாடி இடைவெளி நான்கு நிமிட மௌனமாவது இப்படித்தான்.

பல இன்வெர்ட்டர்களில் இரண்டு நிலைகள் உண்டு. விசிறி, விளக்குகளுக்கான நிலையில் அது மெதுவாக மாறும். கணினிக்கான யு.பி.எஸ். நிலையில் விரைவாக மாறும், ஆனால் மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும் பேட்டரிக்குத் தாவும். என் இன்வெர்ட்டரின் பின்பக்க விசை முதல் நிலையில் இருந்தது. மாற்றிய பின் ஃபைபர் மோடம் அணையாமல் நின்றது, ரவுட்டர் மட்டும் சில சமயம் அணைந்தது. ஆகவே மோடம், ரவுட்டர் இரண்டுக்கும் சேர்த்து நேர்மின் மினி யு.பி.எஸ். ஒன்றை வைத்தேன். அது 12 வோல்ட்டை நேரடியாகத் தருகிறது, பேட்டரி எப்போதும் இணைப்பிலேயே இருப்பதால் மாறும் இடைவெளி உணரப்படுவதில்லை.

இதை வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று. வோல்ட் உங்கள் கருவியின் அடாப்டரில் அச்சிட்டிருப்பதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் அது எரிந்துபோகலாம். செருகியின் நடுமுனை நேர்முனையா என்பதையும் பாருங்கள். மூன்றாவது ஆம்பியர், பலரும் தவறவிடுவது இதைத்தான்.

பெட்டியின் மேல் உள்ள எண்ணை நம்புவது

நான் வாங்கிய மினி யு.பி.எஸ்.ஸின் பெட்டியில் 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று இருந்தது. 12 வோல்ட்டோடு பெருக்கி 120 வாட் மணி என்று மகிழ்ந்தேன். ஆனால் அந்த எண் உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டுக்கானது. ஆகவே உண்மையில் இருப்பது 37 வாட் மணி. அதை 12 வோல்ட்டுக்கு உயர்த்துவதில் ஏறத்தாழ 15 சதவீதம் வீணாகும் என்று வைத்தால் 31 வாட் மணி மிஞ்சுகிறது.

ஃபைபர் மோடமும் ரவுட்டரும் சேர்ந்து எவ்வளவு இழுக்கின்றன என்பதைச் செருகு மின்மானி வைத்து அளந்தேன்: 13 வாட். 31-ஐ 13-ஆல் வகுத்தால் 2 மணி 20 நிமிடம் வருகிறது. பெட்டியின் எண்ணை நம்பியிருந்தால் ஒன்பது மணி நேரம் தாங்கும் என்று எண்ணியிருப்பேன்.

இனி ஆம்பியர். மோடத்தின் அடாப்டரில் 1 ஆம்பியர், ரவுட்டரின் அடாப்டரில் 1.5 ஆம்பியர். இரண்டும் உச்சத்தில் இழுத்தால் 2.5 ஆம்பியர். மினி யு.பி.எஸ். தரக்கூடியது மொத்தம் 2. சாதாரணமாக ஓடும்போது 13 வாட், அதாவது 1 ஆம்பியரைவிடச் சற்றே அதிகம்தான் தேவை, ஆகவே சிக்கல் தெரியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கும்போது தேவை எகிறிக் கருவி வெட்டிக்கொள்ளலாம். நான் ரவுட்டரை முதலில் செருகி, ஒரு நிமிடம் கழித்து மோடத்தைச் செருகுகிறேன். இரண்டு தனித்தனி மினி யு.பி.எஸ். வைத்தால் இந்தக் கவலையே இல்லை.

வழக்கமான கணினி யு.பி.எஸ்.ஸை இந்த வேலைக்கு வைக்கிறவர்களும் உண்டு. அதன் உள்ளே பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி, அதாவது 84 வாட் மணி இருக்கும். ஆனால் நேர்மின்னை மாறுமின்னாக்குவதற்கே அது கணிசமாகச் செலவழிக்கிறது. 13 வாட் போன்ற சிறு சுமைக்கு இந்த வீண்செலவு பெரிதாகத் தெரியும். சில மாடல்கள் சுமை மிகக் குறைவாக இருந்தால் எதுவும் இணைக்கப்படவில்லை என்று முடிவு செய்து சில நிமிடங்களில் தாமாகவே அணைந்துவிடும். கையேட்டில் இதைத் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது இணைப்பும் அதே வழியில் வருவது

இரண்டு நிறுவனங்களின் ஃபைபர் வைத்திருந்த நண்பர் ஒருவருக்கு இரண்டும் ஒரே நாளில் போயின. இரண்டு வயர்களும் ஒரே கம்பத்தில், ஒரே கட்டாக வந்தன. வாகனம் ஒன்று இழுத்தபோது இரண்டும் சேர்ந்தே அறுந்தன. உங்கள் வயர் எந்த வழியாக வருகிறது என்பதை வீட்டு வாசலில் இருந்து கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். இரண்டாவது இணைப்பு மொபைல் வழியாக, அதுவும் வேறு நிறுவனத்துடையதாக இருப்பது நல்லது. அதன் வேகத்தை நிதானமான ஒரு நாளில் அளக்காதீர்கள். மின்தடையின்போது அளந்து பாருங்கள். அப்போது சுற்றியுள்ள எல்லோரும் மொபைல் தரவுக்கு மாறியிருப்பார்கள். நீண்ட தடையில் கோபுரத்தின் பேட்டரியும் தீரும்.

இரு இணைப்புகளைத் தானாக மாற்றும் ரவுட்டர் வாங்கியவர்கள் அதன் சோதனை முறையைப் பார்ப்பதில்லை. வயர் செருகியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும்படி அமைத்திருந்தால், தெருவில் ஃபைபர் அறுந்தபோதும் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள வயர் உயிரோடு இருப்பதால் ரவுட்டர் மாறவே மாறாது. வெளியே உள்ள ஒரு முகவரி பதில் தருகிறதா என்று தட்டிப் பார்க்கும்படி அமைக்க வேண்டும். 5 வினாடிக்கு ஒருமுறை, மூன்று தோல்விகளுக்குப் பின் மாறு என்று வைத்தால் 15 வினாடியில் மாறும்.

மாறும்போது உங்கள் பொது முகவரியும் மாறிவிடும். ஆகவே அழைப்பு அறுபடாமல் தொடரும் என்று எதிர்பார்க்காதீர்கள். செயலி சில வினாடிகளில் மீண்டும் சேர்ந்துகொள்ளும், வி.பி.என். புதிதாக இணையும். முதல் இணைப்பு திரும்பியதும் உடனே தாவினால் அழைப்பு இன்னொரு முறை அறுபடும். குறைந்தது ஐந்து நிமிடம் நிலையாக இருந்த பிறகே திரும்பும்படி அமையுங்கள்.

காலக்கெடு உள்ள நாளில் இன்னொரு கணக்கும் வேண்டும். 2 ஜி.பி. கோப்பை 5 எம்.பி.பி.எஸ். பதிவேற்ற வேகத்தில் அனுப்ப 53 நிமிடம் ஆகும். நடுவில் இணைப்பு மாறினால் உலாவி வழிப் பதிவேற்றம் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்கும். விட்ட இடத்திலிருந்து தொடரும் முறையைப் பயன்படுத்துங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்போது மேகச் சேமிப்பின் ஒத்திசைவையும் கணினிப் புதுப்பிப்பையும் நிறுத்திவையுங்கள். அவை பதிவேற்றத்தை அடைத்துக்கொண்டால் வேகச் சோதனை நன்றாகக் காட்டினாலும் உங்கள் குரல் வெட்டி வெட்டித்தான் கேட்கும்.

சோதிக்காமல் விடுவது

இரண்டு முனையச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் உங்கள் ரவுட்டரையும் இன்னொன்றில் வெளியுலகையும் தட்டிப் பாருங்கள். விண்டோஸில்:

```
ping -t 192.168.1.1
ping -t 1.1.1.1
```

முதல் முகவரி உங்கள் ரவுட்டருக்கு ஏற்ப மாறலாம். இப்போது யாரையாவது ஒரு காணொளி அழைப்பில் வைத்துக்கொண்டு, வீட்டின் முதன்மை மின்விசையை அணையுங்கள். இரண்டு சாளரங்களிலும் பதில் வருவது நின்றால் ரவுட்டர் அணைந்திருக்கிறது. முதலாவதில் பதில் வந்து இரண்டாவதில் மட்டும் நின்றால் குறை மோடத்திலோ வெளியேயோ இருக்கிறது. இரண்டிலும் பதில் வந்தும் குரல் உடைந்தால், இரண்டாவதில் காட்டும் மில்லி வினாடிகளைப் பாருங்கள். வழக்கமாக 20-ல் இருப்பது 500-க்கு ஏறியிருந்தால் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே ஏதோ ஒன்று பதிவேற்றத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது.

பிறகு விசையைப் போடாமல், இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுக் காத்திருங்கள். மோடம் எந்த நேரத்தில் அணைகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் சரியாக 2 மணி 15 நிமிடம் தந்த என் மினி யு.பி.எஸ்., ஒன்றரை ஆண்டுக்குப் பின் 1 மணி 25 நிமிடத்தில் அணைந்தது. வெளியே பச்சை விளக்கு அதுவரை முழு மின்னூட்டம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. அது ரவுட்டரின் சூடான மேற்பரப்பின் மீது வைக்கப்பட்டிருந்தது, லித்தியம் செல்லுக்குச் சூடு ஆகாது. புதியதைச் சுவரில், காற்றோட்டம் உள்ள இடத்தில் மாட்டியிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசையையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, அணைந்த நேரத்தை அதன் பக்கவாட்டில் ஒட்டிய தாளில் எழுதுகிறேன். இதுவரை மூன்று பதிவுகள்: 2.20, 2.20, 2.10.