மால்ட் பவுடர் டப்பாவில் சர்க்கரைக் கணக்கு பார்ப்பது எப்படி?

டப்பாவின் முன்பக்கத்தை விடுங்கள். உயரமாகும் பையனும் தங்க நிறப் பட்டையும் கணக்குக்கு உதவாது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு சத்து அட்டவணை இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் 100 கிராமுக்கான பத்தியைப் பிடியுங்கள். அதில் சர்க்கரைக்கு இரண்டு வரிகள் இருக்கும். 'டோட்டல் சுகர்ஸ்' என்பது மொத்தச் சர்க்கரை. பால் பவுடரிலும் மால்ட்டிலும் இயல்பாகவே உள்ளதும் இதில் சேரும். 'ஆடட் சுகர்ஸ்' என்பது தயாரிக்கும்போது தனியாகச் சேர்த்தது. நமக்கு முக்கியம் இதுதான். ஒரு டப்பாவில் இது 32 என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து 'சர்வ் சைஸ்', அதாவது ஒரு தடவைக்கான அளவு. 20 கிராம் என்று போட்டிருந்தால் ஒரு டம்ளருக்கு 6.4 கிராம் சர்க்கரை, இரண்டு வேளைக்கு 12.8. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் நம் வீட்டு ஸ்பூன் அந்த 20 கிராமை மதிப்பதில்லை. கோபுரமாக அள்ளித்தானே போடுகிறோம்!

உண்மையான அளவு தெரிய தராசுகூட வேண்டாம். புது 500 கிராம் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன் மேலேயே எழுதி வையுங்கள். ஒரே குழந்தை குடித்து 10 நாளில் தீர்ந்தால், நாளொன்றுக்கு 50 கிராம். அப்போது சேர்த்த சர்க்கரை 16 கிராம், கிட்டத்தட்ட நாலு டீஸ்பூன். இதற்கு மேல் அம்மாவோ பாட்டியோ டம்ளரில் போடும் சீனி தனிக்கணக்கு. பாலில் இயற்கையாக உள்ள இனிப்பை இதில் சேர்க்க வேண்டாம்.

16 கிராம் அதிகமா? அமெரிக்க இதய சங்கம் 2 முதல் 18 வயது வரை சேர்த்த சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது, இரண்டு வயதுக்குள் வேண்டவே வேண்டாம் என்கிறது. பிஸ்கட், கேக், ஜூஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 25. லேபிளில் 'ஆர்டிஏ', அதாவது ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் அளவில் இது எத்தனை பங்கு என்று வரும் சதவீதத்தை நம்பி ஏமாறாதீர்கள். அது பெரியவர்களின் 2000 கலோரி உணவுக்குச் சேர்த்த சர்க்கரை 50 கிராம் என்று வைத்துப் போட்ட கணக்கு. குழந்தைக்கு அதை இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

கடைசியாக, சேர்மானப் பட்டியல். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். பாதாம் மிக்ஸ், ஸ்ட்ராபெரி பவுடர் போன்றவற்றில் பெரும்பாலும் முதல் பெயரே சர்க்கரையாக இருக்கும், பாதாம் எங்கேயோ பின்னால் சில சதவீதத்தோடு நிற்கும். லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், தேன், வெல்லம் என்று வந்தாலும் சர்க்கரைதான். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் மட்டும் கொஞ்சம் கில்லாடி. சர்க்கரை வரியில் பெரும்பாலும் அகப்படாது, மாவுச்சத்துக் கணக்கில் போய்விடும், ஆனால் உடம்பு அதைச் சட்டென்று குளுக்கோஸாக மாற்றிவிடும். 'சர்க்கரை சேர்க்காதது' என்று எழுதிய டப்பாவில் இந்தப் பெயர் முதல் இரண்டு இடத்துக்குள் இருந்தால் அதை அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடலாம்.