பார் ஸ்டாக் கணக்கு இடிக்குதா? பையன் மேல சந்தேகப்படுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ரோட்டு ஓரமா ஒரு சின்ன பார் கம் சாப்பாட்டுக் கடைய நான் கொஞ்ச வருஷம் பாத்துக்கிட்டேன். பெரிய இடம் இல்ல, எட்டு மேசை, ரெண்டு பசங்க, ஒரு பில் மிஷின் அவ்வளவுதான். ஒரு வாரம் ஸ்டாக் எடுத்தப்போ விஸ்கி மட்டும் ஒரு பாட்டிலுக்கு மேல குறைஞ்சுது, எனக்கு உடனே கவுண்டர்ல நின்ன பையன் மேலதான் சந்தேகம் போச்சு, "அண்ணே சத்தியமா நான் தொடல"ன்னு அவன் சொல்லியும் நான் நம்பல. அப்புறம் ஒவ்வொண்ணா உக்காந்து பிரிச்சுப் பாத்தப்போதான் தெரிஞ்சுது, ஒரு சொட்டு கூட யாரும் எடுக்கல, தப்பு பூரா நாங்க அளக்குறதுலயும் எழுதுறதுலயும் இருந்துச்சு. அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன், ஆனா அவன் அந்த மாசமே வேலைய விட்டுட்டான். இன்னும் மனசுல கிடக்குது. அதனாலதான் அந்த ஒரு வாரக் கணக்கையே இங்க முழுசா போடுறேன், உங்க கடையில இதே மாதிரி வந்தா எங்க பாக்கணும்னு தெரியட்டும்.

முதல்ல கணக்கு எப்படின்னா, போன வாரம் இருந்தது, அதோட இந்த வாரம் லாரியில வந்தது, அதுல இருந்து இப்ப மிச்சம் இருக்கிறத கழிச்சா எவ்வளவு தீந்துச்சுன்னு வரும். பில் மிஷின் படி எவ்வளவு வித்துருக்கணும்னு இன்னொரு பக்கம் போடணும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் வேரியன்ஸ். இத ஒவ்வொரு பிராண்டுக்கும் மில்லிலதான் போடணும், வெள்ளியில போடாதீங்க, ஏன்னா விஸ்கியில குறைஞ்சது பிராண்டியில கூடியிருந்தா வெள்ளிக் கணக்குல ரெண்டும் சேந்து சரியா இருக்கிற மாதிரி காட்டிரும், உள்ள தப்பு அப்படியே கிடக்கும்.

எங்க கணக்கு இப்படி. ஞாயித்துக்கிழமை ராத்திரி கடை சாத்தினப்புறம் 700 மில்லி பாட்டில் சீல் உடைக்காதது 6, ஓப்பன் பாட்டில் ஒண்ணுல 420 மில்லி, மொத்தம் 4620. வாரத்துல வந்தது 12 பாட்டில், 8400. அடுத்த ஞாயிறு ராத்திரி சீல் பாட்டில் 7, ஓப்பன்ல ரெண்டு, ஒண்ணுல 250 இன்னொண்ணுல 310, மொத்தம் 5460. அப்படின்னா தீந்தது 7560 மில்லி. பில் மிஷின்ல சிங்கிள் 72, ஹைபால் 24, டபுள் 42, முழு பாட்டிலா வித்தது 2. சிங்கிளும் ஹைபாலும் 30, டபுள் 60ன்னு மிஷின்ல போட்டிருந்தோம், கூட்டினா 6800. இடிக்கிறது 760 மில்லி, தீந்ததுல பத்து பர்சண்ட். பயமா இருக்கும்ல, எனக்கும் இருந்துச்சு.

இங்க முதல்ல செய்ய வேண்டியது, எண்ணினதே சரியான்னு பாக்கிறது. நெறைய பேர் இத விட்டுட்டு நேரா ஆளத் தேடுவாங்க. லாரி வந்த நேரத்தப் பாருங்க, ஞாயிறு எண்ணி முடிச்சப்புறம் திங்கள் காலையில வந்த 12 பாட்டில் பில்லுல ஞாயிறு தேதி போட்டிருந்தா, அத இந்த வாரத்துல ஏத்திட்டா மொத்தமா 8400 மில்லி காணாம போன மாதிரி தெரியும். ஸ்டோர், ஷெல்ஃப், கவுண்டர் கீழ, மூணு இடமும் ஒரே ராத்திரில எண்ணணும், பாதிய ராத்திரியும் பாதிய மறுநாள் கடை தொறந்தப்புறமும் எண்ணுறது வேலைக்காகாது. அப்புறம் காலி பாட்டில். இத ரொம்பப் பேர் உடனே தூக்கிப் போட்டுடுறாங்க, போடாதீங்க, எண்ணி முடிக்கிற வரைக்கும் வச்சிருங்க. எங்க கணக்குல சீல் பாட்டில் 18ல 7 மிச்சம், 11 போச்சு, அதுல 2 முழுசா வித்தது, அப்போ உடைச்சது 9. வாரம் ஆரம்பிச்சப்போ ஒரு ஓப்பன் இருந்துச்சு, முடிவுல ரெண்டு ஓப்பன், அப்படின்னா காலி பாட்டில் 8 இருக்கணும். பெட்டியில எண்ணினேன், 8 இருந்துச்சு. அதாவது பாட்டில் முழுசா எங்கயும் போகல, பிரச்சன ஊத்துறதுலயோ எழுதுறதுலயோதான்.

அடுத்து ஓப்பன் பாட்டில். நாங்க அப்ப வரைக்கும் கண்ணால பாத்து "பத்துல ஆறு இருக்கு"ன்னு எழுதிட்டிருந்தோம், அந்த 420 அப்படி வந்ததுதான். இதுல என்ன கஷ்டம்னா பத்துல ஒண்ணுன்னாலே 70 மில்லி, ரெண்டு பெக்குக்கு மேல. பாட்டில் மேல தோள் மாதிரி வளைஞ்சு ஒடுங்குது, அடியில கண்ணாடி உள்ள குழிஞ்சிருக்கு, அதனால உயரத்துல பாதின்னா அளவுலயும் பாதின்னு கிடையாது. நின்னுக்கிட்டுப் பாக்கிறதும் குனிஞ்சு கண்ணுக்கு நேரா பாக்கிறதும் வேற வேற வரும், ஒரு வாரம் நான் பாத்து அடுத்த வாரம் பையன் பாத்தா கேக்கவே வேணாம். ஒரு பாட்டில்னா பரவால்ல, ஷெல்ஃப்ல பதினஞ்சு ஓப்பன் பாட்டில் இருந்தா என்ன ஆகும்.

கிராம் காட்டுற ஒரு கிச்சன் தராசு வாங்கிப் போடுங்க, இதுக்கு மேல ஒண்ணும் வேணாம். அதே பிராண்டு காலி பாட்டில் மூணு நாலு எடுத்து நல்லா வடிச்சு எடை போட்டு சராசரிய எழுதி வச்சுக்கங்க. 40 பர்சண்ட் சரக்கு ஒரு மில்லி ஏறக்குறைய 0.95 கிராம்தான், தண்ணிய விட லேசு. ஓப்பன் பாட்டில் 765 கிராம், காலி பாட்டில் 480னா உள்ள 285 கிராம், அத 0.95ஆல வகுத்தா 300 மில்லி. மூடியோட நிறுத்தா எப்பவும் மூடியோட, ஊத்துற குழாய் மாட்டியிருந்தா கழட்டிட்டு, இதுல மாத்தி மாத்தி செய்யக் கூடாது. கம்பெனி பாட்டில் டிசைன மாத்தினா காலி எடையும் மாறிரும், திரும்ப நிறுத்துக்கங்க. இனிப்பு லிக்கர் இருக்கே, காபி, கிரீம் மாதிரி, அதுல சீனி இருக்கிறதால தண்ணிய விட கனமாவே இருக்கும், 0.95 அதுக்கு ஒத்து வராது, ஒரு சீல் பாட்டில முழுசா நிறுத்து காலி எடைய கழிச்சு பாட்டிலோட மில்லியால வகுத்தா அதோட நம்பர் கிடைச்சிரும். பீர் கேன், பீர் பாட்டில் எல்லாம் எண்ணினா போதும்.

இப்ப 760க்கு வருவோம். நான் கவுண்டர்ல போய் பசங்க ஹைபால் போடுறத நின்னு பாத்தேன். ஒசரமான கிளாஸ்ல 30 ஊத்தி சோடா ரொப்பினா ருசியே இல்லன்னு ஆளுங்க சொல்லியிருக்காங்க, அதனால 45 மில்லி ஜிக்கர்ல, அதாவது சரக்கு அளக்கிற சின்ன கப்புல, ஊத்திட்டிருந்தாங்க. பசங்க மறைச்சு எல்லாம் செய்யல, எப்பவோ நானே தலையாட்டியிருக்கேன், ஆனா மிஷின்ல மாத்தல, விலையும் 30க்கே நின்னுச்சு. 24 ஹைபால், ஒவ்வொண்ணுலயும் 15, ஆக 360 போச்சு. மிச்சம் 400.

அப்புறம் 555 புக்கு. நம்ம ஊர்ல இது இல்லாம கடை நடக்காது, பழக்கமான ஆள் வந்து "சம்பளத்துக்கு தரேன் தம்பி"ம்பாரு, பையன் பில்லு அடிக்காம 555ல எழுதி வச்சிடுவான், காசு வரும்போதுதான் மிஷின்ல அடிப்பான். புக்க தொறந்து பாத்தா அந்த வாரம் 4 சிங்கிள், 120 மில்லி. சரக்கு தீந்த வாரம் ஒண்ணு, பில்லு விழுற வாரம் வேற ஒண்ணு. மிச்சம் 280.

இந்த 280 எங்க போச்சுன்னு எனக்கு ரொம்ப நேரம் பிடிபடல. 30 ஜிக்கர்லதானே ஊத்துறாங்க, அப்புறம் என்னன்னு. கடைசில ஒரு அளவு ஜாடி வாங்கிட்டு வந்து பையன கூப்பிட்டு எப்பவும் போல தண்ணிய பத்து ஜிக்கர் ஊத்தச் சொன்னேன். 300 வரணும், வந்தது 315. ஜிக்கர் வாய் அகலம், விளிம்புக்கு மேல குவிஞ்சு நிக்கிற அளவுக்கு ரொப்பிட்டு கிளாஸுக்கு மேல கவுக்கும்போது பாட்டில்ல இருந்து இன்னும் கொஞ்சம் விழுது. ஒரு பெக்குக்கு ஒண்ணரை மில்லிதான், யாரு கண்ணுக்கும் தெரியாது. ஆனா சிங்கிள் 72, டபுள் 42ன்னா ரெண்டு ரெண்டா 84, கடன் 4, மொத்தம் 160 தடவ, 240 மில்லி. மிச்சம் 40 மில்லி. போன வாரம் கண்ணால போட்ட 420லயே அந்த அளவு ஏறி இறங்கலாம், அதுக்கு மேல தேடல.

ஜிக்கர்லதானே ஊத்துறோம்னு இந்த டெஸ்ட் செய்யாம விடுறதுதான் எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பார் கடைங்கள்ல பெரிய தப்பு. புது ஜிக்கர் வாங்கினாலும் அதையும் ஒரு தடவ அளந்து பாருங்க, உள்ள கோடு போட்டது வாங்கி கோட்டுக்கு ஊத்தச் சொன்னா சிந்துறது குறையும். புதுப் பையன் வந்தா அவனுக்கும் இதே பத்து ஜிக்கர், மாசம் ஒரு தடவ எல்லாருக்கும்.

வாரத்துக்கு வாரம் ஒப்பிடுறதுலயும் ஒரு தப்பு நடக்கும். சம்பளம் ஏழாம் தேதிக்குள்ள விழுந்துரும், அந்த வாரம் கூட்டம் தாங்காது, தைப்பூசத்துக்கு முன்னாடி விரதம் இருக்கிறவங்க வர மாட்டாங்க, கடை காத்தாடும். 200 மில்லி குறைஞ்சுதுன்னு மட்டும் பாத்தா ஒண்ணும் புரியாது, தீந்ததுல எத்தன பர்சண்ட்னு பாக்கணும். நான் ரெண்டு பர்சண்டுக்குள்ள இருந்தா விட்டுருவேன், அதுக்கு மேல மூணு வாரம் ஒரே பிராண்டுல தொடர்ந்து வந்தாதான் ஷிஃப்ட் ஷிஃப்டா பிரிச்சு எண்ணுவேன், அதாவது பையன் மாறும்போது அந்த ஒரு பிராண்ட மட்டும் தராசுல வச்சு எழுதுறது, அஞ்சு நிமிஷ வேலை.

கூடுதலா வந்தா சந்தோஷப்படாதீங்க, அதையும் தேடணும். வித்ததா மிஷின் சொல்றத விட சரக்கு கம்மியா தீந்திருந்தா யாரோ ஆளுங்களுக்கு குறைச்சு ஊத்துறாங்க, இல்ல பாட்டில்ல தண்ணி கலக்குறாங்க, இல்ல வேற பட்டன அமுக்கிட்டாங்க. வேற பட்டன்னா இன்னொரு பிராண்டுல அதே அளவு குறையும், ரெண்டு வரிய பக்கத்துல வச்சுப் பாத்தாலே தெரிஞ்சிரும். தண்ணின்னு தோணினா புது பாட்டில் ஒண்ண உடைச்சு ரெண்டையும் பக்கத்துல வச்சு ருசி பாருங்க.

எங்களுக்கு அப்படி ஒரு தடவ வந்துச்சு, இந்தக் கணக்குக்கு ரெண்டு வாரம் கழிச்சு, சம்பள வாரத்துல விஸ்கி 120 மில்லி கூடுதல். அந்த 555 கடன் நாலையும் பையன் அன்னிக்குத்தான் மிஷின்ல அடிச்சிருந்தான். அதுக்கப்புறம் மிஷின்ல கடன்னு ஒரு பட்டன் போட்டு, ஊத்துற அன்னிக்கே அதுல அடிச்சு, காசு வர்ற அன்னிக்கு கடன மட்டும் கழிக்கிற மாதிரி மாத்திட்டோம்.