சைடு டாட்டை மூடி பிரின்சஸ் கட் எடுப்பது எப்படி: காகிதத்தில் செய்முறை

இளம்பிள்ளைச் சேலையோடு வரும் பிளவுஸ் பிட்டை எடுத்துக்கொண்டு நேராகத் துணியிலேயே பிரின்சஸ் கட் வரைபவர்கள் சேலத்தில் நிறையப் பேர். கை பழகியவர்களுக்கு அது சரி. புதிதாகக் கற்பவர்கள் முதலில் காகிதத்தில் செய்து பார்ப்பது நல்லது. காகிதத்தில் தவறினால் ஒட்டிக்கொள்ளலாம், பிட் துணியில் தவறினால் அதே நிறத்துக்குக் கடை கடையாக அலைய வேண்டும்.

உங்களுக்கு ஏற்கெனவே சரியாகப் பொருந்தும் பிளவுஸின் முன்பக்கப் பேட்டர்ன் ஒன்று வேண்டும். நான் எடுத்துக்கொள்வது 36 அங்குல மார்பளவு. சைடு தையலில் 1¼ அங்குல அகலத்தில் ஒரு டாட், இடுப்பில் 1 அங்குல அகலத்தில் ஒரு டாட். தோளிலிருந்து டாட் பாயின்ட் 10 அங்குலம், நடுக்கோட்டிலிருந்து 3¾ அங்குலம். டாட் பாயின்ட் என்று நான் சொல்வது மார்பின் உச்சி வரும் இடத்தை, டாட் தையல் முடியும் இடத்தை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பலருக்கு வரும் முதல் சிக்கல்.

பேட்டர்னைத் தையலுக்கு விட்ட பகுதி இல்லாமல், தையல் கோட்டை மட்டும் பிரவுன் பேப்பரில் நகல் எடுங்கள். வெட்டும் ஓரத்தை வைத்து இந்த வேலையைச் செய்தால் கடைசியில் எந்த அளவும் ஒன்றோடொன்று சேராது.

டாட்களை உச்சிவரை நீட்டுங்கள்

தைக்கும்போது சைடு டாட்டை உச்சிக்கு 1 அங்குலம் முன்பே நிறுத்துவோம், இடுப்பு டாட்டை முக்கால் அங்குலம் கீழேயே நிறுத்துவோம். காகிதத்தில் அப்படி விடக்கூடாது. சைடு தையலில் இருக்கும் டாட்டின் இரண்டு வாய்ப் புள்ளிகளிலிருந்தும் டாட் பாயின்ட்டுக்கே ஸ்கேல் வைத்துக் கோடு போடுங்கள். இடுப்பு டாட்டுக்கும் அப்படியே. எல்லாக் கோடும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் காகிதம் திரும்பப் போகிறது.

பிரின்சஸ் கோடு

ஆர்ம்ஹோலில், சைடு தையலிலிருந்து வளைவின் மீது டேப்பைப் படுத்து 3½ அங்குலம் மேலே ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து மெல்ல வளைந்து டாட் பாயின்ட்டுக்கு வந்து, இடுப்பு டாட்டின் உள்கோட்டில், அதாவது நடுப்பக்கக் கோட்டில், இறங்கட்டும். ஆரம்பப் புள்ளியை இன்னும் கீழே வைத்தால் வளைவு திடீரென்று திரும்பும், தைக்கும்போது அங்கே சுருக்கம் விழும். புதியவர்களுக்குச் சற்று மேலே வைப்பதே எளிது.

வெட்டுவதற்கு முன் இரண்டு வேலை. டாட் பாயின்ட்டில் ஒரு நாட்ச், அதற்கு 2 அங்குலம் மேலே ஒன்று, 2 அங்குலம் கீழே ஒன்று குறியுங்கள். அப்புறம், சைடு துண்டாகப் போகும் பகுதியில், டாட்டுக்குக் கீழே, நடுக்கோட்டுக்கு இணையாக நேர் நூல் கோடு போடுங்கள். வெட்டிய பிறகு சைடு துண்டு எந்தப் பக்கம் நேர் என்றே தெரியாது. இந்தக் கோடு இல்லாமல் துணியில் வைத்தால் துண்டு சாய்ந்துபோய், போட்டுக்கொள்ளும்போது பக்கவாட்டில் முறுக்கும்.

வெட்டி மூடுதல்

இப்போது பிரின்சஸ் கோட்டில் ஆர்ம்ஹோலிலிருந்து இடுப்புவரை வெட்டி, இடுப்பு டாட்டின் உள்ளே இருக்கும் முக்கோணத்தை எடுத்துவிடுங்கள். நடுத் துண்டு தயார், அதைத் தள்ளி வையுங்கள்.

சைடு துண்டில் டாட்டின் கீழ்க்கோட்டில் வெட்டிக்கொண்டு போய், டாட் பாயின்ட்டில் நூலளவு காகிதம் ஒட்டியிருக்கும்படி நிறுத்துங்கள். மேல்கோட்டை இறக்கிக் கீழ்க்கோட்டின் மேல் பொருத்தி, செல்லோடேப் ஒட்டுங்கள். டாட் மறைந்துவிட்டது.

போன இடத்தைப் பார்க்க வேண்டுமானால், நடுத் துண்டைப் பக்கத்தில் வைத்து இரண்டு டாட் பாயின்ட்டுகளையும் சேர்த்துப் பிடியுங்கள். ஆர்ம்ஹோல் பக்கம் கதவு திறந்ததுபோல் ஒரு இடைவெளி தெரியும். அதை அளந்தால் 1¼ வராது, நம் அளவில் 1 அங்குலத்தை ஒட்டித்தான் வரும். குறைந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். டாட்டின் கோணம் மாறவில்லை. உச்சியிலிருந்து ஆர்ம்ஹோல், சைடு தையலைவிடக் கிட்டே இருப்பதால் வாய் சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மார்புக்குத் தேவையான இடம் அப்படியே இருக்கிறது.

டாட் மூடிய இடத்தில் சைடு தையல் கோடு லேசாக உடைந்திருக்கும். ஸ்கேல் வைத்து நேராக்கி, பின்பாகத்தின் சைடு நீளத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

உச்சியில் வரும் மூக்கு

சைடு துண்டின் ஓரம் டாட் பாயின்ட்டில் கூராக நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படியே தைத்தால் பிளவுஸிலும் கூராகவே நிற்கும், யாருக்கும் பிடிக்காது. உச்சிக்கு 1 அங்குலம் மேலேயும் கீழேயும் மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் கூர்முனையை மழுக்குங்கள். கூர்முனையிலிருந்து போவது ⅛ அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டாம். அதிகம் சீவினால் மார்பின் மேல் துணி இறுகி, படுக்கைவாட்டில் கோடுகள் இழுக்கும். கூர் தெரிந்தால் மழுக்கியது போதவில்லை, படுக்கைக் கோடு தெரிந்தால் அதிகமாகிவிட்டது. நடுத் துண்டில் கை வைக்காதீர்கள்.

நீளம் சரிபார்த்தல்

இதை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டிவிடக் கூடாது. நடுத் துண்டின் ஓரத்தின் மேல் சைடு துண்டின் ஓரத்தை டாட் பாயின்ட்டில் பொருத்தி, பென்சில் முனையால் அழுத்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே ஆர்ம்ஹோல்வரை போங்கள். மறுபடி உச்சியிலிருந்து இடுப்புவரை. சைடு துண்டு ¼ அங்குலம்வரை நீளமாக இருந்தால் விட்டுவிடலாம், மேல் நாட்சுக்கும் கீழ் நாட்சுக்கும் நடுவே தளர்த்திப் பிடித்துத் தைத்தால் அது உள்ளே போய்விடும். அதற்கு மேல் இருந்தால் ஆர்ம்ஹோல் ஓரத்திலோ இடுப்பு ஓரத்திலோ திருத்துங்கள், உச்சியில் திருத்தாதீர்கள்.

இது முடிந்த பிறகுதான் தையலுக்கு விட வேண்டும். பிரின்சஸ் கோட்டில் இரண்டு துண்டுக்கும் ½ அங்குலம், சைடு தையலில் பின்னால் பிரித்துவிட வசதியாக 1 அங்குலம். விட்ட பிறகு வெட்டிய ஓரங்களை அளந்தால் சைடு துண்டின் ஓரம் நீளமாகவும் நடுத் துண்டின் ஓரம் குட்டையாகவும் இருக்கும். சைடு துண்டு வெளிப்பக்கம் வளைந்தது, நடுத் துண்டு உட்பக்கம் வளைந்தது, அதனால் அப்படித்தான் வரும். தையல் கோடுகள் சமமாக இருந்தால் போதும். தைக்கும்போது நடுத் துண்டின் ஓரத்தில் தையல் கோட்டுக்குச் சற்று வெளியே ஒரு தையல் ஓட்டி, அதைத் தொடாமல் வளைவில் மட்டும் சின்னச் சின்ன வெட்டுகள் கொடுங்கள். அப்போதுதான் அந்த ஓரம் விரிந்து சைடு துண்டோடு சேரும். ஜரிகை பார்டரும் நூல் பிரியும் மெல்லிய பட்டும் என்றால் வெட்டுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேட்டர்னில் ஆர்ம்ஹோல் டாட்டும் ஊக்குப் பக்க டாட்டும் சேர்ந்து நான்கு டாட் இருந்தால், அவற்றையும் உச்சிவரை நீட்ட வேண்டும். ஆர்ம்ஹோல் டாட் இந்தக் கோட்டிலேயே கரைந்துவிடும். ஊக்குப் பக்க டாட்டை மூடினால் நடுக்கோடு வளையும். அதனால் முதல் தடவை இரண்டு டாட் பேட்டர்னில் செய்துவிட்டு அதற்குப் போவது நல்லது.

பேட்டர்ன் முடிந்ததும் காடா துணியில் முன்பாகத்தை மட்டும் வெட்டி, பெரிய தையலாக ஓட்டி, போட்டுப் பாருங்கள். பிரின்சஸ் கோடு உச்சியின் மேலேயே போக வேண்டும். அரை அங்குலம்வரை கைப்பக்கம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. நடுப்பக்கம் தள்ளிப் போனால் டாட் பாயின்ட் அளவையே மறுபடி எடுங்கள், அந்தக் காகிதத்தைத் திருத்திக்கொண்டிருப்பதில் பலனில்லை.