முட்டை இன்குபேட்டருக்கு தெர்மிஸ்டர்: 37.5 டிகிரியை நுணுக்கமாக அளக்க ஒரு ஆப்-ஆம்ப்

கோழி முட்டை பொரிக்க, விசிறி வைத்த இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸ் வேண்டும். அரை டிகிரி ஏறி இறங்குவதையும் கவனிக்க வேண்டிய வேலை இது. கடையில் சுலபமாகக் கிடைக்கும் 10 கே என்டிசி தெர்மிஸ்டரையும் (B மதிப்பு 3950) ஒரு ஆர்டுயினோ ஊனோவையும் வைத்து இதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

ஆப்-ஆம்ப் எதற்கு?

வழக்கமான முறையில், தெர்மிஸ்டரின் ஒரு முனை 5 வோல்ட்டுக்குப் போகும். மறுமுனையிலிருந்து 5.6 கே ரெசிஸ்டர் ஒன்று கிரவுண்டுக்கு இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் வோல்டேஜை அளப்போம். 30 டிகிரியில் அங்கே 2.05 வோல்ட் இருக்கும், 45 டிகிரியில் 2.81 வோல்ட். நமக்குத் தேவையான வெப்பநிலை முழுவதும் முக்கால் வோல்ட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஊனோவின் 10 பிட் ஏடிசி 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு டிகிரிக்கு நமக்குக் கிடைப்பது பத்துப் படிதான். கடைசிப் படி எப்போதும் கொஞ்சம் ஆடும் என்பதால் 0.1 டிகிரியை நம்ப முடியாது.

அந்த முக்கால் வோல்ட்டை மட்டும் எடுத்து ஐந்து மடங்காக விரித்தால், ஒரு டிகிரிக்கு ஐம்பது படிக்கு மேல் கிடைக்கும். ஆனால் 2.4 வோல்ட்டை அப்படியே ஐந்தால் பெருக்கினால் 12 வோல்ட் ஆகிவிடும். அதனால் 2.5 வோல்ட்டை நடுப்புள்ளியாக வைத்து, அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத்தான் பெருக்க வேண்டும்.

இணைப்பு

ஆப்-ஆம்ப் MCP6002. எட்டுக் கால் ஐசி, உள்ளே இரண்டு ஆப்-ஆம்ப். 8-ஆம் கால் 5 வோல்ட்டுக்கு, 4-ஆம் கால் கிரவுண்டுக்கு. இந்த இரண்டுக்கும் குறுக்கே, ஐசியை ஒட்டி 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள்.

தெர்மிஸ்டரும் 5.6 கே ரெசிஸ்டரும் சேரும் இடத்தை 3-ஆம் காலுக்குக் கொடுங்கள். அங்கிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 100 நானோ ஃபாரட். 2-ஆம் காலிலிருந்து ஒரு 10 கே மேலே சப்ளைக்கும், இன்னொரு 10 கே கீழே கிரவுண்டுக்கும் போக வேண்டும். இந்த ஜோடி, 2.5 வோல்ட்டோடு 5 கே வழியாக இணைத்தது போலவே நடந்துகொள்ளும். 1-ஆம் காலுக்கும் 2-ஆம் காலுக்கும் இடையே 20 கே (இரண்டு 10 கே வரிசையாக). கெயின் 1 + 20/5, அதாவது சரியாக 5. எல்லா ரெசிஸ்டரும் ஒரு சதவீத வகையாக இருக்கட்டும்.

1-ஆம் காலிலிருந்து 1 கே வழியாக A0-க்குப் போய், A0-இலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோ ஃபாரட் வையுங்கள். அந்த 1 கே-வை விட்டுவிட்டுக் கெப்பாசிட்டரை நேராக அவுட்புட்டில் தொங்கவிட்டால் ஆப்-ஆம்ப் ஆசிலேட் ஆகலாம்.

இரண்டாவது ஆப்-ஆம்பையும் பயன்படுத்தப் போகிறோம். 5-ஆம் காலை 3-ஆம் காலோடு சேருங்கள். 6-ஐயும் 7-ஐயும் ஒன்றாக்கி A1-க்குக் கொடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கையில் LM358 இருக்கிறதே, கால் அமைப்பும் ஒன்றுதானே என்று அதை மாட்ட வேண்டாம். 5 வோல்ட் சப்ளையில் அதன் அவுட்புட் சுமார் 3.5 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. 40 டிகிரி வரை எல்லாம் சரியாகக் காட்டும். அதற்குமேல் எவ்வளவு சூடாக்கினாலும் 42.6 பக்கத்திலேயே நின்றுவிடும். 43-இல் அலாரம் வைத்திருந்தால் அது அடிக்கவே அடிக்காது.

தெர்மிஸ்டர் தன்னைத்தானே சூடாக்கும்

நுணுக்கமாக அளக்கத் தொடங்கிய பிறகுதான் இது கண்ணில் படும். 5 வோல்ட் தொடர்ந்து இருந்தால் தெர்மிஸ்டரில் ஒரு மில்லிவாட்டுக்குச் சற்று அதிகமாகச் செலவாகிறது. சிறிய மணி போன்ற தெர்மிஸ்டர் அசையாத காற்றில் அரை டிகிரி வரை கூடுதலாகக் காட்ட இதுவே போதும். விசிறி ஓடினால் குறையும், நின்றால் கூடும். அதனால் இதை ஒரு நிலையான திருத்தமாகக் கழித்துவிடவும் முடியாது.

தீர்வு சுலபம். தெர்மிஸ்டரின் மேல் முனையையும், மேலே போகும் அந்த 10 கே-வையும் 5 வோல்ட்டில் கொடுக்காமல் D7 பின்னில் கொடுங்கள். அளக்கும் நேரம் மட்டும் D7-ஐ HIGH ஆக்கினால் போதும். நொடிக்கு ஒருமுறை 30 மில்லிநொடி என்றால் சூடு முப்பதில் ஒரு பங்காகிவிடும்.

இரண்டு டிவைடரும் ஒரே சப்ளையில், ஏடிசியின் ரெஃபரன்ஸும் அதே 5 வோல்ட் என்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. யுஎஸ்பி 4.7 வோல்ட்தான் தந்தாலும் எல்லாம் ஒரே விகிதத்தில் குறையும், கணக்கு மாறாது.

நிரல்

```cpp
float alavu() {
  digitalWrite(7, HIGH);
  delay(10);
  unsigned long s = 0, n = 0, t0 = micros();
  while (micros() - t0 < 20000UL) {
    s += analogRead(A0);
    n++;
  }
  digitalWrite(7, LOW);
  float y = (float)s / n / 1024.0;
  float x = (y + 2.0) / 5.0;
  float r = 5600.0 * (1.0 / x - 1.0);
  return 1.0 / (1.0 / 298.15 + log(r / 10000.0) / 3950.0) - 273.15;
}
```

setup-இல் `pinMode(7, OUTPUT);` வேண்டும். சராசரி எடுக்கும் நேரத்தை 20 மில்லிநொடி என்று வைத்ததற்குக் காரணம் உண்டு: நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் ஒரு முழுச் சுற்று அது. ஹீட்டர் வயரிலிருந்து வரும் இரைச்சல் ஒரு சுற்றில் மேலும் கீழும் சமமாகக் கழிந்துவிடும்.

சோதனை

தெர்மிஸ்டரை மாட்டும் முன் அதன் இடத்தில் இன்னொரு 5.6 கே ரெசிஸ்டரைப் போட்டு, D7-ஐத் தற்காலிகமாக HIGH-இலேயே வைத்து மல்டிமீட்டரால் பாருங்கள். 3-ஆம் காலிலும் 1-ஆம் காலிலும் 2.5 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், திரையில் 38.6 பக்கம் வர வேண்டும். 1-ஆம் கால் 0-விலோ 5-லோ ஒட்டிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் 20 கே தவறான காலில் இருக்கும்.

பிறகு தெர்மிஸ்டரை ஈரம் புகாமல் ஹீட்-ஷ்ரிங்க் குழாயில் அடைத்து, ஒரு டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டரோடு சேர்த்து ஃபிளாஸ்கில் 38 டிகிரி வெந்நீரில் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நிரலில் கூட்டவோ கழிக்கவோ செய்யலாம். இந்தப் படியை விடக் கூடாது: தெர்மிஸ்டரின் ஒரு சதவீதப் பிழை மட்டுமே கால் டிகிரி.

வயர் அறுந்தால்?

இந்த அமைப்பு 29-லிருந்து 49 டிகிரி வரைதான் பார்க்கும். அதற்குக் கீழே அவுட்புட் பூஜ்யத்தில் நின்று, 29 என்றே காட்டும். தெர்மிஸ்டர் வயர் அறுந்தாலும் அதே 29 தான் வரும். நிரல் குளிர் என்று நினைத்து ஹீட்டரை நிறுத்தாமல் எரியவிடும், முட்டை வெந்துவிடும்.

A1 இதற்காகத்தான். பெருக்காத வோல்டேஜ் அங்கே வருகிறது. அறை 15 டிகிரியாக இருந்தாலும் A1 சுமார் 270 காட்டும். D7 HIGH-இல் இருக்கும்போது A1-ஐயும் படித்து, 100-க்குக் கீழே என்றால் வயர் அறுந்தது, 900-க்கு மேலே என்றால் ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு, இரண்டிலும் ஹீட்டர் ரிலேயை உடனே அணைத்துவிடுங்கள்.