பழைய டேப்பை லாப்டாப்பின் இரண்டாவது திரையாக்குவது எப்படி?

தங்கச்சி திருகோணமலையில் கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறாள். ஒப்படை எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம் Word, மறுபக்கம் பிடிஎஃப். சின்ன லாப்டாப் திரையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தே அவளுக்கு அலுத்துவிட்டது. வீட்டில் சும்மா கிடந்த ஆண்ட்ராய்ட் டேப்பை அவளுக்கு இரண்டாவது திரையாக்கிக் கொடுத்தேன். வயர் தேவையில்லை, வீட்டு வைஃபை போதும்.

இதைச் செய்யப் பல மென்பொருள்கள் உண்டு. விண்டோஸ் 10 அல்லது 11 லாப்டாப்பும் ஆண்ட்ராய்ட் டேப்பும் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது spacedesk. வீட்டுப் பாவனைக்கு இலவசம்.

முதலில் இரண்டையும் ஒரே வைஃபையில் சேருங்கள்

லாப்டாப்பும் டேப்பும் ஒரே ரவுட்டரில் இணைந்திருக்க வேண்டும். விருந்தாளிகளுக்கென்று தனியாக வைத்திருக்கும் வைஃபையில் டேப் இருந்தால் வேலைக்காகாது. அந்த இணைப்பில் இருக்கும் கருவிகள் வீட்டிலுள்ள மற்றக் கருவிகளைப் பார்க்க முடியாதபடி ரவுட்டர் பெரும்பாலும் தடுத்துவிடும்.

அடுத்தது நிறுவுவது

லாப்டாப்பில் spacedesk.net தளத்துக்குப் போய் விண்டோஸுக்கான டிரைவரை இறக்கி நிறுவுங்கள். இடையில் ஃபயர்வாலில் விதிவிலக்குச் சேர்க்கவா என்று கேட்டால் சம்மதியுங்கள். மறுத்தால் டேப் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கும், லாப்டாப் திறக்காது. டேப்பில் பிளே ஸ்டோரில் spacedesk என்று தேடி அதே பெயருள்ள செயலியைப் போடுங்கள்.

டேப்பில் செயலியைத் திறந்தால் லாப்டாப்பின் பெயர் தானாக வரும். அதைத் தொட்டால் போதும். வராவிட்டால் லாப்டாப்பில் Command Prompt திறந்து இதை அடியுங்கள்:

```
ipconfig
```

வைஃபை பகுதியில் IPv4 Address என்ற வரியில் 192.168.1.5 போல ஓர் எண் இருக்கும். செயலியில் புது இணைப்புச் சேர்க்கும் இடத்தில் அந்த எண்ணைக் கொடுங்கள். அப்போதும் இணையவில்லையா? லாப்டாப்பின் வைஃபை விவரத்தில் Public network என்று இருக்கிறதா பாருங்கள். உங்கள் சொந்த வீட்டு வைஃபைதானே, Private network என்று மாற்றிவிடலாம்.

திரையை ஒழுங்குபடுத்துவது

இணைந்ததும் லாப்டாப்பில் உள்ளதே டேப்பிலும் தெரிந்தால் விண்டோஸ் விசையுடன் P அழுத்தி Extend தெரிவு செய்யுங்கள். அப்புறம் Settings, System, Display என்று போனால் 1, 2 என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். மேசையில் டேப் இடப்பக்கம் நின்றால் 2ஆம் பெட்டியையும் இடப்பக்கம் இழுத்து வைத்து Apply கொடுங்கள். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, மவுஸ் அந்தப் பக்கம் போகவில்லை என்பார்கள்.

தங்கச்சிக்கு Word லாப்டாப்பில், பிடிஎஃப் டேப்பில். பிடிஎஃப் சாளரத்தைச் சொடுக்கிவிட்டு விண்டோஸ், ஷிஃப்ட், இட அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது அப்படியே டேப்புக்குத் தாவிவிடும். எழுத்து பொடியாகத் தெரிந்தால் அதே Display பக்கத்தில் 2ஆம் பெட்டியைத் தொட்டு Scale அளவை 125% அல்லது 150% ஆக்குங்கள்.

இழுபட்டால்

மவுஸை வேகமாக வட்டம் சுற்றிப் பாருங்கள். டேப்பில் அம்புக்குறி விட்டுவிட்டுக் குதித்தால் வைஃபையில்தான் சிக்கல் என்று முதலில் சந்தேகப்படலாம். இரண்டையும் ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடி சுற்றுங்கள். அங்கே சீராக ஓடினால் சந்தேகம் உறுதி. ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸ் இருந்தால் அதில் இணையுங்கள், வேகம் கூடும். ஆனால் திருகோணமலையில் பழைய தடித்த சுவர் வீடுகள் நிறைய. அந்த அலை இரண்டு சுவர் தாண்டினாலே சோர்ந்துவிடும். அப்படிப்பட்ட அறையில் 2.4 கிகாஹேர்ட்ஸே மேல். அதோடு செயலியின் அமைப்பில் படத் தரத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பிடிஎஃப் வாசிக்க அது போதும். வீடியோவை மட்டும் லாப்டாப் திரையிலேயே வையுங்கள். ஒவ்வொரு நொடியும் மாறும் படத்தை வைஃபை வழியே அனுப்புவது பாரமான வேலை.

கரண்ட் போனால்

ரவுட்டர் அணையும், திரையும் போகும். டேப்பில் இருந்த சாளரங்கள் தாமாக லாப்டாப்புக்குத் திரும்பும், எழுதியது எதுவும் அழியாது. லாப்டாப்பிலும் டேப்பிலும் சார்ஜ் இருந்தால் கைபேசியின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு இரண்டையும் அதில் சேருங்கள். இரண்டுக்கும் நடுவே ஓடும் படம் இணையத்துக்குப் போவதில்லை, ஆகவே அதற்கு டேட்டா செலவாகாது. ஆனால் லாப்டாப் அந்த ஹொட்ஸ்பொட் வழியாக அப்டேட்டுகளை இழுக்கத் தொடங்கலாம். அந்த இணைப்பின் அமைப்பில் Metered connection என்பதை ஒன் செய்துவிட்டால் பெரிய அப்டேட்டுகள் பெரும்பாலும் காத்திருக்கும்.