கார்ட்டில் போட்டுவிட்டுப் போனவர்: எப்போது கூப்பிடுவது, எப்போது விட்டுவிடுவது

ஒரு சின்ன ஆன்லைன் புடவைக் கடையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 1,200 ரூபாய் காட்டன் புடவையைக் கார்ட்டில் போடுகிறார். போன் நம்பர் கொடுத்து, பணம் கட்டும் பக்கம் வரை வந்துவிட்டு அப்படியே போய்விடுகிறார். அவரைத் திரும்ப வரவழைக்கத்தான் இந்தச் செய்முறை. புதிதாகக் கடை தொடங்கியவர்கள் முதல் வேலையாக 10% தள்ளுபடிக் கூப்பனை அனுப்பிவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆர்டர் கூடியது, மாதக் கடைசியில் கையில் நின்ற பணம் குறைந்தது. காரணம் மூன்றாவது படியில் வரும்.

படி 1: போனவர்களை வகை பிரியுங்கள்

எல்லோரும் ஒரே காரணத்துக்காகப் போவதில்லை. உங்கள் பேமென்ட் கேட்வே கணக்கைத் திறந்து, Failed என்று இருக்கும் பரிவர்த்தனைகளை முதலில் பாருங்கள். யுபிஐ பாதியில் நின்று போனவர்கள் அதில் இருப்பார்கள். அவர்கள் வாங்க மனமில்லாமல் போகவில்லை, பணம் கட்ட முடியாமல் நின்றவர்கள். அவர்களுக்குத் தள்ளுபடி வேண்டாம், கால் மணி நேரத்துக்குள் புது பேமென்ட் லிங்க் போனால் போதும். ஆனால் அவர் கணக்கில் பணம் பிடிக்கப்பட்டு நிலுவையில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒரே புடவைக்கு இரண்டு முறை கட்டிவிட்டு உங்களைத் திட்டுவார்.

மீதி உள்ளவர்கள் இரண்டு வகை. நம்பரோ மின்னஞ்சலோ கொடுத்தவர்களுக்குச் செய்தி அனுப்பலாம். கார்ட்டில் போட்டதோடு போனவர்கள் யாரென்றே உங்களுக்குத் தெரியாது, அவர்களை விளம்பரம் வழியாகத்தான் பிடிக்க முடியும்.

படி 2: செய்திக்கு நேரம் வையுங்கள்

ஷாப்பிஃபையில் கைவிட்ட ஆர்டருக்கு மின்னஞ்சல் அனுப்பும் வசதி உள்ளேயே இருக்கிறது. வூகாமர்ஸ் என்றால் அதற்கென ஒரு பிளகின் போட வேண்டும். வாட்ஸ்ஆப் வழியாகத் தானாகச் செய்தி போக வேண்டுமானால், வாட்ஸ்ஆப்பிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய செய்தி டெம்ப்ளேட் தேவை. வாடிக்கையாளரும் சம்மதம் தந்திருக்க வேண்டும். அதற்கு செக்கவுட் பக்கத்தில் ஒரு டிக் பெட்டி வையுங்கள்.

முதல் செய்தி ஒரு மணி நேரம் கழித்து. அதற்கு முன் அனுப்பினால், வீட்டில் கலர் காட்டிக் கேட்டுக்கொண்டிருப்பவரைத் தோளில் தட்டுவது போல ஆகும். இரவு ஒன்பதுக்கு மேல் போனவர் என்றால் காலை பத்து மணி வரை பொறுங்கள். செய்தி இவ்வளவுதான்:

```
வணக்கம். நீங்கள் எடுத்து வைத்த
மாம்பழ மஞ்சள் காட்டன் புடவை கார்ட்டில் இருக்கிறது.
கலர், டெலிவரி பற்றிச் சந்தேகம் இருந்தால்
இங்கேயே கேளுங்கள்.
செய்தி வேண்டாம் என்றால் STOP என அனுப்புங்கள்.
```

“கேளுங்கள்” என்ற அந்த ஒரு வார்த்தைக்கு நல்ல பலன் உண்டு. பதில் எழுதுபவர்கள், பிளவுஸ் துணி சேர்ந்து வருமா, டெலிவரி சார்ஜ் எவ்வளவு என்று கேட்பார்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் பொருள் பக்கத்தில் அந்தத் தகவல் இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது செய்தி மறுநாள், கிட்டத்தட்ட அதே நேரத்தில். மூன்றாவது, தேவையிருந்தால், மூன்றாம் நாள். அதோடு சரி. இதற்கு மேல் அனுப்பினால் உங்கள் நம்பரை பிளாக் செய்வார்கள். பிளாக் கூடினால் வாட்ஸ்ஆப்பில் உங்கள் நம்பரின் தர மதிப்பு இறங்கும்.

படி 3: தள்ளுபடிக்கு வரம்பு

காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். ஜிஎஸ்டி போக விலை 1,200. புடவையின் கொள்முதல் 720, கூரியர் 90, பேக்கிங் 20, கேட்வே கட்டணம் 30, திரும்பி வரும் பார்சல்களுக்காக 40. மிச்சம் 300 ரூபாய். 10% தள்ளுபடி என்றால் அதில் 120 போய் 180 நிற்கும். வாடிக்கையாளருக்குப் பத்து சதவீதம், உங்கள் லாபத்தில் நாற்பது சதவீதம்.

இப்போது 100 பேர் கார்ட்டை விட்டுப் போனதாக வைத்துக்கொள்வோம் (எண்கள் கணக்குக்காக எடுத்தவை). வெறும் நினைவூட்டலுக்கு 8 பேர் திரும்பி வருகிறார்கள்: 2,400 ரூபாய். எல்லோருக்கும் முதல் செய்தியிலேயே கூப்பன் கொடுத்தால் 11 பேர் வருகிறார்கள்: 1,980 ரூபாய். மூன்று ஆர்டர் கூடுதல், 420 ரூபாய் குறைவு! தள்ளுபடி இல்லாமலே வாங்கியிருக்கக்கூடிய எட்டுப் பேருக்கும் சும்மா 120 கொடுத்ததுதான் காரணம். கூப்பனை மூன்றாவது செய்திக்குத் தள்ளுங்கள். முதல் இரண்டு செய்திகளுக்கு அந்த எட்டுப் பேர் வந்துவிட்டு, மூன்றாவதற்கு அந்த மூன்று பேர் வந்தால் 2,400 + 540 = 2,940.

கூப்பன் ஒருவருக்கு ஒன்று, ஒரு முறை மட்டும், 48 மணி நேரம் செல்லும்படி இருக்கட்டும். SAVE10 மாதிரி எல்லோருக்கும் பொதுவான கூப்பன் கோட் வேண்டாம், ஒரே வாரத்தில் கூப்பன் தளங்களுக்குப் போய்விடும். ஒரே நம்பருக்கு 90 நாளில் இரண்டாவது கூப்பன் போகாமலும் தடுத்து வையுங்கள். கார்ட்டில் போட்டு மூன்று நாள் பொறுத்தால் கூப்பன் வரும் என்பதை நம் மக்கள் மிக வேகமாகக் கற்றுக்கொள்வார்கள்.

படி 4: விளம்பரமும் அதை நிறுத்துவதும்

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை நடத்தும் மெட்டாவில், விளம்பரம் யாருக்குப் போக வேண்டும் என்ற ஆடியன்ஸை இப்படி அமையுங்கள்:

```
Include: AddToCart, 7 days
Exclude: Purchase, 30 days
```

காட்டன் புடவைக்கு ஏழு நாள் தாராளம். கல்யாணப் பட்டு என்றால் நாலு பேரைக் கேட்டு முடிவெடுப்பார்கள், மூன்று வாரம் விடலாம்.

அதிகம் சொதப்புவது, ஏற்கெனவே வாங்கியவர்களை விலக்கும் இரண்டாவது வரிதான். “வாங்கி நாலு நாள் ஆச்சு, இன்னும் அதே புடவையைக் காட்டுறீங்களே” என்று போன் வந்தால், Purchase பதிவாகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் நடப்பது இது: வாடிக்கையாளர் யுபிஐ ஆப்புக்குப் போய்ப் பணம் கட்டுகிறார், கடைப் பக்கத்துக்குத் திரும்பாமலே மூடிவிடுகிறார். நன்றிப் பக்கம் திறக்காததால், வாங்கியதை மெட்டாவுக்குச் சொல்ல அதில் இருக்கும் பிக்சல் வேலை செய்வதில்லை. மெட்டாவின் Events Manager-இல் ஒரு வாரத்து Purchase எண்ணிக்கையையும் உங்கள் ஆர்டர் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெரிய இடைவெளி இருந்தால் Conversions API-ஐ இணையுங்கள். அது சர்வரிலிருந்தே தகவல் அனுப்பும், வாடிக்கையாளர் பக்கத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. போனிலும் வாட்ஸ்ஆப்பிலும் ஆர்டர் கொடுத்தவர்களைப் பிக்சலுக்குத் தெரியவே தெரியாது. அவர்கள் பட்டியலை வாரம் ஒரு முறை ஏற்றி Exclude-இல் சேருங்கள்.

அடுத்தது Frequency. ஒருவர் சராசரியாக எத்தனை முறை பார்த்தார் என்ற எண் இது. சின்னக் கடைகளில் இது சட்டென்று ஏறும். ஆடியன்ஸில் சில நூறு பேர், தினமும் 500 ரூபாய் பட்ஜெட் என்றால், அந்தப் பணத்தைச் செலவழிக்க மெட்டா அதே ஆட்களிடம்தான் திரும்பத் திரும்பப் போகும். ஏழு நாளில் எட்டைத் தாண்டினால் நான் பட்ஜெட்டைப் பாதியாக்குவேன். சராசரி எட்டு என்றால் சிலர் இருபது முறை பார்த்திருப்பார்கள் (அதுவும் மனைவிக்குத் தெரியாமல் வாங்க நினைத்தவராக இருந்தால், வீட்டுப் பொது டேப்லெட்டில் அந்த மாம்பழ மஞ்சள் இருபது முறை வந்திருக்கும்).

ஸ்டாக் தீர்ந்த அன்றே விளம்பரமும் நிற்க வேண்டும். கேட்டலாக் வழியாக விளம்பரம் செய்தால், availability என்ற இடத்தில் out of stock என்று மாற்றினால் அந்தப் புடவை காட்டப்படாது. STOP என்று அனுப்பியவரையும் விளம்பரத்திலிருந்து நீக்கிவிடுங்கள். செய்தி வேண்டாம் என்றவர் விளம்பரத்தை மட்டும் எப்படி விரும்புவார்?

படி 5: பலன் இருக்கிறதா?

இந்த விளம்பரத்தால் வந்த விற்பனை என்று Ads Manager காட்டும் எண்ணில், தானாகவே திரும்பி வந்திருக்கக்கூடியவர்களும் கலந்திருப்பார்கள். செய்திகளில் இதைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். போன் நம்பர் 0 அல்லது 1-இல் முடிபவர்களுக்கு ஒரு மாதம் கூப்பன் செய்தியை மட்டும் அனுப்பாதீர்கள். மாதக் கடைசியில் இரு பக்கமும் நூறு கார்ட்டுக்கு எத்தனை ரூபாய் மிஞ்சியது என்று பாருங்கள். ஆர்டர் எண்ணிக்கையை வைத்து ஒப்பிட வேண்டாம். மாதத்துக்கு முப்பது நாற்பது கார்ட்தான் என்றால் ஒரு மாதம் போதாது, இரண்டு மூன்று மாதம் ஓட விடுங்கள்.