தொலுயீனில் ஊறிய ரப்பரை எடைபோட்டுக் குறுக்கிணைப்பு அடர்த்தியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பச்சை ரப்பரைத் தொலுயீனில் போட்டால் முதலில் உப்பி, பிறகு பசையாகிக் கரைந்துவிடும். கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர் உப்பும், ஆனால் கரையாது. ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கிணைப்பு எனப்படும் கந்தகப் பாலங்கள் ஒன்றோடொன்று வலையாகக் கட்டிப்போட்டிருப்பதே காரணம். தொலுயீன் உள்ளே புகுந்து சங்கிலிகளை விரித்துக்கொண்டே போகும். விரிந்த சங்கிலிகள் சுருங்கப் பார்க்கும். இரண்டு விசைகளும் சமமாகும் இடத்தில் உப்பல் நின்றுவிடும். பாலங்கள் அதிகமாக இருந்தால் அந்த இடம் சீக்கிரமே வந்துவிடும், உப்பலும் குறையும். 1943இல் வேதியியலாளர்கள் ஃப்ளோரியும் ரேனரும் இந்தச் சமநிலையைச் சமன்பாடாக்கினார்கள். நாம் எடுக்கவேண்டியது மூன்று எடைகள் மட்டுமே.

இங்கே கார்பன் பிளாக் போன்ற நிரப்பி எதுவும் சேர்க்காத இயற்கை ரப்பரை எடுத்துக்கொள்வோம். கலவை: ரப்பர் 100 பங்கு, ஜிங்க் ஆக்சைடு 5, ஸ்டியரிக் அமிலம் 2, கந்தகம் 2.5, முடுக்கி 0.5. மொத்தம் 110 பங்கு. கலவை விகிதம் தெரியாமல் இந்தச் சோதனையைத் தொடங்காதீர்கள். ஏன் என்பது கணக்கு போடும்போது புரியும்.

படி 1: துண்டு வெட்டுதல்

2 மி.மீ. தடிமனுள்ள தகட்டின் நடுப்பகுதியிலிருந்து சுமார் 15 × 8 மி.மீ. அளவில் மூன்று துண்டுகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ கால் கிராம் இருக்கும். ஓரங்கள் பிசிறில்லாமல் இருக்கவேண்டும், பிசிறுகள் எடைபோடும்போது திரவத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 0.0001 கிராம் காட்டும் தராசில் முதல் எடையை எடுங்கள். நம் துண்டு 0.2500 கிராம்.

படி 2: ஊறவைத்தல்

ஒவ்வொரு துண்டையும் தனித்தனிப் பழுப்புநிறக் கண்ணாடிப் புட்டியில் 50 மி.லி. தொலுயீனில் போட்டு இறுக மூடுங்கள். மூடியின் உட்புறம் டெஃப்லானாக இருக்கட்டும். ரப்பர் அடைப்பானைப் போட்டால் துண்டோடு சேர்ந்து அதுவும் உப்பும். லேடெக்ஸ் கையுறைக்கும் அதே கதிதான், அது தொலுயீனிலிருந்து கையைக் காப்பாற்றாது. தொலுயீன் அறை வெப்பநிலையிலேயே தீப்பற்றக்கூடிய ஆவி விடும் என்பதால், எல்லா வேலையும் ஃப்யூம் ஹூடுக்குள், நெருப்பும் தீப்பொறியும் இல்லாத இடத்தில் நடக்கட்டும்.

புட்டியை 25 டிகிரி செல்சியஸில் இருட்டில் வையுங்கள். 24 மணி நேரம் கழித்துத் தொலுயீனை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். வலையோடு இணையாத ஸ்டியரிக் அமிலம், முடுக்கியின் மிச்சம் போன்றவை முதல் திரவத்தோடு போய்விடும். 48 மணி, 72 மணி நேரங்களில் எடைபோடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் சமநிலை வந்துவிட்டது. எடை ஏறி உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கினால், கரையக்கூடியவை இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் வலை அறுபடுகிறது என்று சந்தேகிக்கலாம். வெளிச்சமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சங்கிலிகளை வெட்டும்.

படி 3: உப்பிய துண்டை எடைபோடுதல்

தடுமாற வைக்கும் படி இதுதான். துண்டை இடுக்கியால் மென்மையாக எடுத்து, வடிதாளில் இரண்டு பக்கமும் ஒற்றி, ஏற்கெனவே எடைபோட்ட மூடியுள்ள சிறு புட்டியில் போட்டு உடனே மூடுங்கள். எல்லாம் சில நொடிகளில் முடியவேண்டும். திறந்த தட்டில் வைத்தால், தராசு எண்கள் கண்ணெதிரே இறங்குவதைப் பார்க்கலாம். அழுத்திப் பிழியவும் கூடாது, உப்பிய ரப்பர் எளிதில் கிழியும். ஒற்றாமல் விட்டு மேற்பரப்பில் 0.03 கிராம் தொலுயீன் ஒட்டியிருந்தாலே, கடைசி விடை கிட்டத்தட்ட 6 சதவீதம் குறைந்துவிடும்.

நம் துண்டு உப்பிய நிலையில் 1.1560 கிராம்.

படி 4: உலர்த்துதல்

துண்டை ஃப்யூம் ஹூடில் ஒருநாள் வைத்துப் பெரும்பகுதி தொலுயீனைப் போக்குங்கள். பிறகு வெற்றிட அடுப்பில் 60 டிகிரியில், எடை இனி மாறாது என்ற நிலை வரும்வரை உலர்த்துங்கள். ஈரத்தோடு சாதாரண மின்னடுப்பில் வைப்பது ஆபத்து. உலர்ந்த எடை 0.2440 கிராம் வந்தது என்று கொள்வோம்.

படி 5: ரப்பரின் கன அளவுப் பங்கு

உலர்ந்த 0.2440 கிராமில் எல்லாமே ரப்பர் அல்ல. அதற்குள் ஜிங்க் ஆக்சைடு அப்படியே இருக்கிறது, அது உப்பாது. முதல் எடையில் அதன் பங்கு 0.2500 × 5/110, அதாவது 0.0114 கிராம். கழித்தால் ரப்பர் வலை 0.2326 கிராம். இதை ரப்பரின் அடர்த்தி 0.92ஆல் வகுத்தால் 0.2529 க.செ.மீ.

உள்ளே புகுந்த தொலுயீன் 1.1560 − 0.2440 = 0.9120 கிராம். 25 டிகிரியில் தொலுயீனின் அடர்த்தி 0.862, எனவே 1.0580 க.செ.மீ.

உப்பிய துண்டில் ரப்பரின் கன அளவுப் பங்கு Vr = 0.2529 / (0.2529 + 1.0580) = 0.1929. தலைகீழாகப் பார்த்தால் உப்பல் விகிதம் 5.18, அதாவது ரப்பர் வலை தன் கன அளவைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று அதிகமாக உப்பியிருக்கிறது.

படி 6: சமன்பாடு

```
n = -[ln(1 - Vr) + Vr + χ·Vr²] / [V1·(Vr^(1/3) - Vr/2)]
```

V1 என்பது தொலுயீனின் மோலார் கன அளவு, 106.9 க.செ.மீ. χ என்பது ரப்பருக்கும் தொலுயீனுக்கும் உள்ள ஒட்டுறவைச் சொல்லும் எண். இயற்கை ரப்பருக்கு வழக்கமாக 0.39 எடுத்துக்கொள்வார்கள். கையால் போடுவதைவிடக் கணினியில் போடுவது நல்லது:

```python
from math import log

d_rub, d_tol, V1, chi = 0.92, 0.862, 106.9, 0.39
m0, m_sw, m_dry = 0.2500, 1.1560, 0.2440
zno = m0 * 5 / 110

v_rub = (m_dry - zno) / d_rub
v_tol = (m_sw - m_dry) / d_tol
Vr = v_rub / (v_rub + v_tol)
top = -(log(1 - Vr) + Vr + chi * Vr**2)
n = top / (V1 * (Vr**(1/3) - Vr/2))
print(Vr, n, d_rub / n)
```

n சுமார் 1.34 × 10⁻⁴ மோல்/க.செ.மீ. வரும். இது வலைச்சங்கிலிகளின் அடர்த்தி. ஒரு பாலத்தில் நான்கு சங்கிலி முனைகள் கூடுவதால் பாலங்களின் எண்ணிக்கை இதில் பாதி, 6.7 × 10⁻⁵. ஆய்வறிக்கைகளை ஒப்பிடும்போது அவர்கள் சொல்வது சங்கிலியா பாலமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு மடங்கு வித்தியாசம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. கடைசி எண், இரண்டு பாலங்களுக்கு இடையிலுள்ள சங்கிலியின் சராசரி மூலக்கூறு நிறை: மோலுக்குச் சுமார் 6,900 கிராம்.

எங்கே தவறும்?

சமன்பாட்டின் மேல்பகுதியில் வரும் எண்களைப் பாருங்கள்: −0.2143 + 0.1929 + 0.0145. பெரிய எண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிஞ்சுவது 0.0069 மட்டுமே. கால்குலேட்டரில் மூன்று தசமத்தோடு நிறுத்தினால் 0.006 கிடைக்கும், விடையில் 13 சதவீதம் போய்விடும். χயை 0.39க்குப் பதிலாக 0.41 என்று வைத்தால் n 11 சதவீதம் குறையும். எனவே ஒரே தொடர் சோதனைகளில் ஒரே χயைப் பயன்படுத்தி, அதை அறிக்கையில் எழுதுங்கள். நைட்ரைல் ரப்பருக்கு இந்த 0.39ஐப் போடக்கூடாது.

புதியவர்கள் அடிக்கடி எடுக்கும் குறுக்குவழி, உலர்த்தும் படியைத் தவிர்த்து முதல் எடை முழுவதையும் ரப்பர் என்று எடுத்துக்கொள்வது. மேலே உள்ள துண்டுக்கே அப்படிப் போட்டால் n 1.55 × 10⁻⁴ ஆகும், 15 சதவீதம் அதிகம். கலவை விகிதத்தை முதலிலேயே கேட்டது இதற்காகத்தான்.

கார்பன் பிளாக் சேர்த்த ரப்பரில் நிரப்பியின் எடையைக் கழித்தால் மட்டும் போதாது. கரித்துகளோடு ஒட்டிய ரப்பர் சுதந்திரமாக உப்பாது என்பதால், பாலங்கள் கூடிவிட்டதுபோல் எண் காட்டும். அதற்குக் கிரௌஸ் திருத்தம் என்ற தனிக்கணக்கு உண்டு, அதற்கு நிரப்பி அளவு மாறும் பல கலவைகள் தேவை. மேலும், இந்தச் சோதனை பாலங்களை எண்ணுமே தவிர ஒரு பாலத்தில் எத்தனை கந்தக அணுக்கள் என்று சொல்லாது. சங்கிலிகள் தாமாகச் சிக்கிக்கொண்ட முடிச்சுகளும் இதே எண்ணில் கலந்துதான் வரும்.